சாம்பார்ச் சொட்டை வடையாக்கித் தந்த வள்ளலுக்கு

ட்ரைவாஷ் கடை உரிமையாளர் சமூகத்துக்கு,

நேற்று ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் இடம் பிடிக்க நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெரியம்மா, "முதுகுல மாவு ஒட்டியிருக்கும்மா" என்று முந்தானையில் எச்சில் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார். அது மாவல்ல, தங்கள் கைவண்ணம் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் பந்தி நிறைந்துவிட்டது.

தங்களிடம் நான் கொடுத்தது அரக்குப் பட்டு பிளவுஸ். வலது தோளுக்குப் பின்னால், பரிமாறியவர் வாளியிலிருந்து தெறித்த ஒரே ஒரு சொட்டு சாம்பார். திரும்பி வந்தது, அதே இடத்தில் மசால் வடை அளவுக்கு வெளிறிய வட்டம். சொட்டுக்கு வடை வட்டி தரும் நிறுவனம் இந்த ஊரில் வேறில்லை.

"வியர்வைதான் மேடம்" என்றார் கல்லாவில் இருந்த தம்பி. வியர்வையில் சாயம் போவதுண்டு, ஆனால் போவது அக்குளில். அங்கே அரக்கு அப்படியே இருக்கிறது. என் வியர்வை மட்டும் தோளேறிப் போய் வடை தட்டுமா?

தையல்காரர் உள்துணியைப் பிரித்துப் பார்த்தார். வெறுமனே தேய்த்திருந்தால் மேற்பக்கம்தான் வெளுத்து, இழை பஞ்சு பஞ்சாகியிருக்கும். இங்கே இழை வழவழப்பாகவே இருக்கிறது. பட்டின் உட்பக்கமும் வெளுத்திருக்கிறது. தையலுக்குள் மடிந்திருந்த துணியில் பழைய நிறம் பத்திரம். ஆக, ஊறிய ஏதோ மருந்தின் வேலை. ட்ரைவாஷ் எண்ணெயைக் கரைக்கும், மஞ்சளைக் கரைக்காது. மஞ்சள் போகவில்லை என்று எரிச்சலில் எதையோ ஊற்றியிருக்கிறீர்கள். பட்டில் பிளீச் படக்கூடாது என்று என் பாட்டிக்கே தெரியும். தெரியாத வேலைக்கு எதற்கய்யா 180 ரூபாய் வாங்கினீர்கள்?

மன்னிக்கவும். வடை சூடாக இருக்கும்போது வாய் சுட்டுவிடுகிறது.

தங்கள் ரசீதின் பின்புறம், எறும்பு எழுத்தில், சலவைக் கூலியின் ஐந்து மடங்குக்கு மேல் பொறுப்பில்லை என்றிருக்கிறது. அதாவது 900 ரூபாய். என் நஷ்டம் அதற்குள் அடங்காது. அந்த பிளவுஸ் துணி புடவையோடு சேர்த்து நெய்த துண்டு. தனியாக எந்தக் கடையிலும் கிடைக்காது. அதற்குக்கூட நான் விலை கேட்கவில்லை. நிறத்துக்கு ஓரளவு பொருந்தும் பட்டு ஒரு மீட்டர் 900, தையல் கூலி 1,400, தங்கள் கூலி 180. மொத்தம் 2,480 ரூபாய். வடையாக வேண்டாம், பணமாகத் தரவும்.

பதினைந்து நாளில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். நான் கொடுத்த 180 ரூபாய் எங்கே, ஐந்து லட்சம் எங்கே! அந்த வரம்புவரை மனுவுக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு வருடம் அவகாசமும் உண்டு. ரசீது என்னிடம்தான் இருக்கிறது.

"கொடுங்க மேடம், சாயம் ஏத்தித் தர்றோம்" என்று தம்பி இரண்டு முறை போனில் கேட்டார். பிளவுஸை என் வீட்டில் வந்து பார்க்கலாம். கையில் தர மாட்டேன். இம்முறை போண்டா போட்டுவிடுவீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பழைய வாடிக்கையாளர்