ஒரு படிக்கு ஒரு சிக்கல்

1980களில் நாங்கள் ஏழாம் வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை படித்தபோது, கரும்பலகையில் ஒரே வாக்கியம்தான் இருந்தது: ‘கரிகாலன் கல்லணையைக் கட்டினான்.’ அது ‘கல்லணை கரிகாலனால் கட்டப்பட்டது’ என்று மாறியதும், அதே வார்ப்பில் பத்து வாக்கியங்கள் தருவார்கள். முன்னால் ‘ஆல்’, பின்னால் ‘பட்டது’ போட்டால் முழு மதிப்பெண். இன்று நான் பாடம் நடத்தும் வகுப்பில் பிள்ளைகளிடம் அச்சிட்ட பயிற்சித்தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றிலும் பெரும்பாலும் அதே கரிகாலன் வார்ப்புதான். வாக்கியங்கள் கூடினவே தவிர, படிகள் வரவில்லை.

படி என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு புதுச் சிக்கல். முதல் தாளில் நான் வாக்கியத்தை மாற்றவே சொல்வதில்லை. ‘எதை? யாரை?’ என்று கேட்டு, செயப்படுபொருளின் அடியில் கோடு போட்டால் போதும். ‘குழந்தை தூங்கியது’ என்பதையும் நடுவில் சேர்த்திருப்பேன். அதில் கோடு போட இடமில்லை என்று கண்டுகொண்ட பிள்ளை, செயப்படுபொருள் இல்லாத வாக்கியத்தை மாற்ற முடியாது என்பதைத் தானே பிடித்துவிடும்.

அடுத்தது வினை. ‘முருகன் பால் குடித்தான்’ என்பதில் ‘ஐ’ மறைந்திருப்பதால் சிலர் தடுமாறுவார்கள். ஆனால் முதல் தாளைச் செய்தவர்கள் ‘எதைக் குடித்தான்?’ என்று கேட்டுத் தப்பிவிடுவார்கள். வழுக்கும் இடம் வேறு. ‘குடித்தப்பட்டது’ என்று எழுதுவார்கள். இதற்கு, வினையோடு ‘வேண்டும்’ சேர்த்துச் சொல்லச் சொல்வேன். ‘குடிக்க வேண்டும்.’ அந்த ‘வேண்டும்’ போய் ‘ப்பட்டது’ வந்தால் ‘குடிக்கப்பட்டது.’ எழுத, தர, பார்க்க, எல்லாம் இப்படியே வந்து அமர்ந்துகொள்ளும்.

மூன்றாம் தாளில்தான் ‘பட்டது’ என்ற பழக்கம் உடைய வேண்டும். ‘ஆசிரியர் என்னை அழைத்தார்.’ பலரும் எழுதுவது: ‘என்னை ஆசிரியரால் அழைக்கப்பட்டது.’ இங்கே ‘என்னை’ என்பது ‘நான்’ ஆகி எழுவாய் இடத்துக்கு வர வேண்டும். வினை இனி அதற்குத்தான் இணங்க வேண்டும். ‘நான் ஆசிரியரால் அழைக்கப்பட்டேன்.’ இதைத் தொடர்ந்து மரங்கள் வெட்டப்பட்டன, மாணவர்கள் பாராட்டப்பட்டார்கள் என்று எண்ணும் திணையும் மாறும் வாக்கியங்கள் வரும். எனக்கு மிகவும் பிடித்த தாள் இது. புரிந்தவர் யார், வாய்ப்பாடாகப் போட்டவர் யார் என்பதை இது காட்டிவிடும்.

பிறகு எதிர்த்திசை. ‘கயிறு கத்தியால் வெட்டப்பட்டது’ என்பதைச் செய்வினையாக்கச் சொன்னால் ‘கத்தி கயிற்றை வெட்டியது’ என்று தவறாக வரும். ‘ஆல்’ கருவிக்கும் வரும். வெட்டிய ஆள் வாக்கியத்தில் இல்லை. இந்த வகுப்பில் நாளிதழைப் பிரிப்பேன். ‘தேர்வு ஒத்திவைக்கப்பட்டது’, ‘சாலை மூடப்பட்டது’ போன்ற தலைப்புகளை வெட்டி ஒட்டி, யார் செய்தது என்று செய்தியின் உள்ளே தேடச் சொல்வேன். கிடைத்தால் செய்வினையாக எழுத வேண்டும். கிடைக்கவில்லையென்றால், ‘செய்தவர் பெயர் இல்லை’ என்று எழுதினாலும் முழு மதிப்பெண் தருகிறேன்.