மணி கேட்டால் சக்கரம் காட்டுபவர்

கலியாண வீட்டில் முன்வரிசை நாற்காலியில் அமர்ந்து, சட்டையின் இடதுகையை மட்டும் பிரத்தியேகமாக மடித்து விட்டுக்கொண்டு, தாம்பூலத் தட்டு வரும்போது அந்தக் கையையே நீட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளும் பெரியவர் ஒருவரைத் தாங்கள் அவசியம் சந்தித்திருப்பீர்கள். அவர் மணிக்கட்டில் விளங்குவது எலும்புக்கூட்டுக் கடிகாரம். முகப்புத் தகட்டை எடுத்துவிட்டு, சக்கரங்களைத் தாங்கும் அடித்தகட்டையும், அவற்றின் அச்சு முனைகளை எதிர்ப்புறம் பிடித்துநிற்கும் பிரிட்ஜ் என்னும் தகடுகளையும், இன்னும் ஓர் இழை எடுத்தால் உறுதி கெடும் என்கிற எல்லைவரை குடைந்தெடுத்து, உள்ளிருக்கும் யந்திரம் அனைத்தையும் பார்வைக்கு வைத்த ஜாதி அது. பிரான்சில் பதினைந்தாம் லூயி மன்னர் காலத்தில், சுமார் 1760-ஆம் ஆண்டில், ஆந்த்ரே ஷார்ல் காரோன் என்ற கடிகாரக் கலைஞர் இதனைத் தொடங்கிவைத்தார் என்பது பரம்பரையாக வழங்கும் செய்தி. நம் பெரியவர் அதைச் சொல்லும்போது காரோன் அவருடைய தாய்வழிப் பாட்டனாரோ என்ற சந்தேகம் நமக்கு உண்டாகும்.

அவருடைய மோகத்தைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. நொடிக்கு ஆறு முறை, அதாவது மணிக்கு 21,600 முறை, இப்படியும் அப்படியுமாகத் திரும்பும் பாலன்ஸ் சக்கரத்தையும், அதன் நடுவே மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும் ஹேர் ஸ்பிரிங்கையும் ஒரு நிமிஷம் பார்த்தவன், இரண்டாவது நிமிஷமும் பார்க்கத்தான் செய்வான். சங்கடம் என்னவென்றால், அந்த இரண்டு நிமிஷம் கழிந்த பின்னரும் மணி என்ன என்பது அவனுக்குத் தெரிந்திராது.

"மாமா, முகூர்த்தத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று பெண்ணின் தம்பி ஓடிவந்து கேட்கிறான். பெரியவர் கையை உயர்த்துகிறார்; விளக்கை நோக்கிச் சாய்க்கிறார்; கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். வெள்ளை முகப்பில் கறுப்பு முள் சட்டென்று கண்ணில் படுவதற்குக் காரணம் முள்ளின் அழகன்று, பின்புலம் சும்மா இருப்பதுதான். இங்கேயோ பளபளக்கும் முட்களுக்குப் பின்னால் அதே பளபளப்புடைய சக்கரங்கள் சுழல, அவற்றின் இடைவெளிகளில் பெரியவருடைய சொந்தக் கைரோமமும் தரிசனம் தருவதால், நிமிஷ முள் எது, சக்கரத்தின் ஆரக்கால் எது என்று நிர்ணயிப்பதற்குள் பையன் மண்டபத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். முட்களுக்கு நீலமோ வெள்ளையோ பூசி, ஓரத்தில் எண்கள் பொறித்த அகன்ற வளையம் ஒன்றையும் வைத்த தயாளர்களான தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். கடையில் கையை நீட்டிப் பிடித்து, ஒரே பார்வையில் மணி சொல்ல முடிகிறதா என்று சோதித்திருந்தால் பெரியவருக்கும் அத்தகையது கிடைத்திருக்கும். அவரோ கடையில் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி அரைமணி நேரம் ஹேர் ஸ்பிரிங்கைத்தான் பார்த்தார்.

சென்ற மாதம் அக்கடிகாரம் குளியலறைத் தளத்தில் விழுந்தது. "அதிர்ச்சி தாங்கி உண்டு, ஒன்றும் ஆகாது" என்று பெரியவர் வீட்டாருக்கு அபயம் அளித்தார். அந்தத் தாங்கி காப்பாற்றுவது தலைமயிர்ப் பருமனே உள்ள பாலன்ஸ் அச்சின் முனைகளை மட்டுமே என்பதும், மற்றச் சக்கரங்களுக்கு அத்தகைய காவல் இல்லை என்பதும் பழுது பார்ப்பவர் மூடியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. குடைந்து குடைந்து ஈர்க்கைப்போல் மெலிந்திருந்த பிரிட்ஜின் ஒரு கை வளைந்து, அதிலுள்ள கல்லில் சுழலவேண்டிய சக்கரத்தின் அச்சைச் சாய்த்து இறுக்கிவிட்டிருந்தது. முழுத்தகடாக இருந்திருந்தால் அந்த அடியை அது சட்டை செய்திருக்காது.

"சக்கரம் கிடைக்கும் சார். பாக்கெட் கடிகாரத்துக்கென்று செய்த பழைய மெஷின்தான் இது. உதிரி பாகம் ஏராளம். ஆனால் இந்தச் சித்திர வேலைப் பிரிட்ஜ் இந்த ஒரு மாடலுக்கென்றே வெட்டியது. நிமிர்த்தினால் முறியும், புதிதாக வெட்டினால் கடிகாரத்தின் விலையைத் தாண்டும். சாதாரணப் பிரிட்ஜ் அளவு சரியாக உட்காரும், போடட்டுமா?" என்றார் அவர்.

மனம் கசந்துதான் பெரியவர் சம்மதித்தார். குடையாத அந்தத் தகடு பின்னால் வந்து உட்கார்ந்ததும், கடிகாரத்தின் ஒரு பகுதிக்குச் சலனமற்ற பின்புலம் வாய்த்துவிட்டது. முட்கள் அப்பக்கம் வரும் வேளைகளிலெல்லாம் பெரியவர் இப்போது மணியைத் தயங்காமல் சொல்கிறார். யாரேனும் அந்த மூடிய பாகத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்டால், இது உலகில் மிகச் சில கடிகாரங்களுக்கே வாய்த்த அபூர்வ அமைப்பு என்று கம்பீரமாக விளக்குகிறார். கேட்டவர் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறாரா என்று மட்டும் ஜாக்கிரதையாக முதலில் பார்த்துக்கொள்கிறார்.