வால் போன வழி

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெரியாரும் தம் பெயரிலிருந்த நாயக்கரை எடுத்துவிட்டார். அவர் காலத்தில் ஒரு சௌகரியம், பான் கார்டு கிடையாது.

எனக்கு இருந்தது. அதனால் என் பெயரின் சாதி வாலை எடுக்க முதலில் அரசிதழுக்குப் போனேன். இன்னார் மகன், இன்ன தேதியில் பிறந்து இன்ன முகவரியில் வசிக்கும் இன்னார், இனி இன்னார் என்று அழைக்கப்படுவார் என்று ஒரு வாக்கியம் போடுவார்கள். சாதிப் பெயர் ஒழிய வேண்டுமென்றால் அரசாங்கமே அதை ஒருமுறை அச்சடித்து வெளியிட்டாக வேண்டும்! எங்கள் தெருவோடு நின்றிருந்த பட்டம் மாநிலம் முழுக்கப் போனது. "இன்னார் மகன்" என்ற இடத்தில் அப்பாவும் தம் வாலோடு கம்பீரமாக நின்றார்.

அரசிதழுக்குக் கொடுக்கும் முன்பே யோசிக்க வேண்டியது இனிஷியல். 'ச. கணேசன்' என்று எழுதிக் கொடுத்தால் நமக்குப் போதும், பான் விண்ணப்பத்துக்குப் போதாது. அது இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும். விரித்தால் அப்பா வருவார், அப்பாவைத் தொட்டுக்கொண்டு வாலும் வரும். ஆகவே புதுப் பெயரே 'கணேசன் சங்கரன்' என்று அரசிதழில் வரும்படி பார்த்துக்கொண்டேன். அதையே ஆதாரில் எழுத்துப் பிசகாமல் ஏற்றி, அதன் பிறகு பானுக்குப் போனேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும். ஆதார் மையத்துப் பையன் ஆங்கிலத்தில் ஒரு 'எச்' கூடுதலாகத் தட்டினால் ஒரு தடவை போச்சு. அச்சு எடுத்துக் காட்டச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன்.

வங்கியில் பான், ஆதார், அரசிதழ் நகல் எல்லாம் சரி என்றார்கள். சிக்கியது கையெழுத்து. முப்பது வருஷமாக நான் கடைசியில் போட்டுவந்த அந்த அழகான சுழி, வாலின் கடைசி எழுத்து. சுழி இல்லாமல் போட்டால் பழைய மாதிரியோடு பொருந்தவில்லை. போட்டால், "இதைத்தானே சார் எடுத்தீங்க?" சுழியில்லாத கையெழுத்துக்குப் புது மாதிரி அட்டை எழுதிக் கொடுத்தேன்.

என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அப்படியே விட்டுவிட்டேன். பழைய பெயரோடு அது இருக்கட்டும், கூடவே அரசிதழ் நகலைக் குத்தி வைத்தால் வேலை நடக்கிறது. மகளின் பள்ளி விஷயத்தை அப்படி விட முடியாது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் போவதற்குள் பதிவேட்டில் அப்பா பெயர் திருந்தியிருக்க வேண்டும். போய்விட்டால் அந்தப் பிழை சான்றிதழில் ஏறிவிடும். அங்கிருந்த எழுத்தர் பொறுமையாக வாலை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். பேனாவை மூடாமலே அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

"பேரு மாத்தியாச்சு சார். சாதி பழையபடிதானே?"