நெறியாளரே, நிறைவுரையில் கோட்டை விடுவது எப்படி?

சி ரூசா வட்டாரத் தோட்ட மண்டபம். தலைப்பு, தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் நாளை. பேச்சாளர்கள் முட்டி மோதி ஓய்ந்துவிட்டார்கள். ஒலிவாங்கி இப்போது உங்கள் கையில். நிறைவுரைக்கு ஐந்து நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருப்பது அச்சுப்பிழை. தொடங்குங்கள்.

1. "எல்லாரும் ஒரே கருத்தைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்" என்று அறிவியுங்கள். பேச்சாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள்.

2. முதல் கருத்து வேறுபாடு, கணிதமும் அறிவியலும் எந்த மொழியில் என்பது. 2016-இல் வந்த இருமொழித் திட்டத்தை "தமிழ்ப்பற்றா, ஆங்கில மோகமா" என்று சுருக்குங்கள். ஆசிரியர்களின் தயார்நிலை, பெற்றோரின் ஆதரவு, மாணவர்களின் மலாய்மொழித் தேர்ச்சி என்று அத்திட்டத்துக்கு உள்ள நிபந்தனைகளை ஒருவர் விளக்கினாரே, அதை மறந்துவிடுங்கள். சொல்லித் தொலைத்தால், "நம் பள்ளியில் ஆங்கிலத்தில் அறிவியல் நடத்த யார் இருக்கிறார்?" என்று எவராவது கேட்டுவிடுவார்.

3. இரண்டாவது, பிள்ளைகள் குறைந்துபோன பள்ளியை என்ன செய்வது என்பது. இதில்தான் உங்கள் திறமை தெரியவேண்டும். 150 மாணவருக்கு மேல் இல்லாத பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி. செம்பனைக் குலை வெட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் வந்துவிட்டார்கள். நம் குடும்பங்கள் போர்ட்டிக்சனுக்கும் சிரம்பானுக்கும் பெயர்ந்துவிட்டன. பிள்ளைகள் இருக்கும் தாமானுக்குப் பள்ளியின் உரிமத்தைக் கொண்டுபோவோம் என்றார் ஒருவர். லயத்தில் மிஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்குப் பேருந்துச் செலவை யார் கொடுப்பது என்றார் இன்னொருவர். இரண்டும் சேர்ந்தே பதில் தேடவேண்டிய கேள்விகள். சேர்க்காதீர்கள். முதலாமவர் "பள்ளியை மூடச் சொன்னார்" என்று தொகுத்துவிடுங்கள். மூடினால் உரிமம் போகும், இடம் மாற்றினால் நிற்கும் என்று அவர் தொண்டை கிழியச் சொன்னது உங்கள் காதில் விழவில்லை. அவர் எழுந்து மறுத்தால், "கேள்வி நேரம் முடிந்தது" என்று புன்னகையுங்கள்.

4. மூன்றாவது, நிலம். தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்கும் பள்ளி பெரும்பாலும் அரசின் பகுதி உதவி பெறும் பள்ளி. நிலத்தை முதலில் கேட்பதா, கட்டட நிதியை முதலில் கேட்பதா என்பதே சண்டை. நிலம் யார் பெயரில் என்று தெரியாமல் இரண்டாவது சிக்கலில் ஒரு முடிவும் எடுக்கமுடியாது. ஆகவே, "நேரமின்மை காரணமாக" இதைத் தாண்டிவிடுங்கள்.

5. மிச்சப்பட்ட நேரத்தில், யாருமே பேசாத 2003-ஆம் ஆண்டு ஆங்கிலவழிக் கொள்கையைப் பற்றி உங்கள் சொந்தக் கருத்தைச் சொல்லி நான்காவது சண்டையைத் தொடங்குங்கள்.

6. நன்றி. டத்தோவுக்கு இரண்டு முறை, வராத டத்தோவுக்கு ஒரு முறை. ஏற்பாட்டுக் குழுவினரைப் பெயர் பெயராக அழையுங்கள். பேருந்துச் செலவைப் பற்றிக் கேட்ட அம்மாவை மட்டும் "பார்வையாளர்கள்" என்ற சொல்லுக்குள் அடக்கி, பொறுமைக்காக வாழ்த்துங்கள். பின்வரிசை மீ கோரெங்கை நோக்கி நகர்ந்திருந்தால் மறுபடியும் டத்தோவிலிருந்து தொடங்குங்கள்.

7. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நிலப் பட்டாவைப் பார்த்துவரப் பள்ளி வாரியத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டால், அடுத்த ஆண்டு இதே தலைப்பில் உங்களைக் கூப்பிடமாட்டார்கள்.