ஒரு மாதிரின்னா எந்த மாதிரிலே?

ஏலே பேராண்டி, அந்தப் போனைக் கவுத்தி வெச்சிட்டு இப்படி உக்காரு. சென்னைக்குப் பதவி உயர்வோட மாத்தல் வருது, வருதுன்னு பேட்டை பூராவும் சொல்லிட்டுத் திரிஞ்ச. இப்ப அது இன்னொருத்தனுக்குப் போயிட்டு. எப்படிலே இருக்குன்னு கேட்டா, ‘ஒரு மாதிரியா இருக்கு தாத்தா’ங்க. உங்க ஆச்சி அதைக் கேட்டுட்டு சுக்குக் கஷாயம் போட அடுக்களைக்குப் போயிட்டா. சரியா வார்த்தை சொல்லத் தெரியாதவன் கஷாயம் குடிச்சுத்தான் தீரணும்.

பக்கத்துல இந்துக் காலேஜ்ல தமிழ் படிச்சவன்தானலே நீ? தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒண்ணு படிச்சிருப்ப. பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே ஆத்துல விட்டுட்ட போல. அதுல நகை, அழுகை, அச்சம், உவகைன்னு 8 மெய்ப்பாடு. ஒவ்வொண்ணுக்கும் 4 காரணம். கிழவர் கெட்டிக்காரரு. ஒருத்தன் அழுதா, எத்தனை சொட்டு விட்டான்னு அவரு எண்ணலை, எதுனால அழுதான்னு பிரிச்சிட்டாரு. இளிவு, இழவு, அசைவு, வறுமை.

உன் சங்கதியை அதுல வெச்சுப் பாப்போம். உன்னை யாரும் கேவலமா நடத்துனாங்களா? இல்லை. அப்ப இளிவு இல்லை. கையில இருந்ததைப் பறிகொடுத்தியா? உன் கைக்கு அது வரவே இல்லையே, இழவும் இல்லை. இருந்த நிலையில இருந்து சரிஞ்சியா? அதே நாற்காலி, அதே காத்தாடி. அசைவும் இல்லை. வறுமை உனக்குப் புதுசு இல்லை, அதை இதுல சேக்காத. ஆக, இது அழுகைக் கணக்குல வராது. உவகையும் இல்லை, மூஞ்சியைக் கண்ணாடியில பாரு.

அந்த எட்டோட விடாம, இன்னும் 32 இருக்குன்னு சொல்லுதாரு. அதுல உயிர்ப்புன்னு ஒண்ணு, பெருமூச்சுதான். நேத்து ராத்திரி திண்ணையில நீ விட்டியே, அதேதான். ஆனா மூச்சு, போச்சேங்கிறதுக்கும் வரும், போட்டுமேங்கிறதுக்கும் வரும். அங்கதான் நீ முழிக்க.

போன்ல ‘ஏமாற்றம்’னு எழுதலாம்னு பாக்கியா? எழுதாத. உங்க அத்தைக்காரி அதைப் படிச்சிட்டு, எவம்லே எம் மருமகனை ஏமாத்துனவன்னு பஸ் ஏறிருவா. அந்த வார்த்தைக்குள்ள எப்பவும் ஒரு ஏமாத்துக்காரன் உக்காந்திருக்கான். உனக்கு யாரும் வாக்குக் கொடுக்கலை, நீயா நெனச்சுக்கிட்டது. அதுக்கு நம்ம ஊருல ‘சப்புன்னு ஆயிட்டு’ன்னு சொல்லுவோம். அதுல குத்தவாளியும் இல்லை, கண்ணீரும் இல்லை. எதிர்பார்ப்பு மட்டும் கீழ இறங்கிட்டு, அம்புட்டுதான்.

‘நிம்மதி’யும் அவசரப்பட்டுச் சொல்லாத. அது நாலு நாளைக்கு நெலச்சு நிக்கணும். உனக்கு வந்தது அந்தச் சமயத்துக்கு வார ‘அப்பாடா’. சென்னையில வாடகைக்கு வீடு தேடவேண்டாம், மின்சார ரயில்ல தொங்கவேண்டாம்னு நெனச்சதும் வந்ததுல்லா, அது. ‘ஆறுதல்’ வேற. சூடு பட்ட இடம் மெல்ல ஆறணும், இல்ல நாலு பேரு வந்து ஆத்தணும். நீ சூடே படலையே.

ரெண்டையும் சேத்துச் சொல்ல, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு ஒரு சொலவடை இருக்கு. கொஞ்சம் நட்டம், நெறையத் தப்பிப்பு. ஆனா சென்னை உன் தலையை வாங்க வரலை, அதனால அதுவும் உனக்குக் கொஞ்சம் பெருசு. உன் அளவுக்கு ‘சவம் போட்டும்’ போதும். திருநெல்வேலிக்காரன் அதைச் சொன்னா, ஆசை இருந்தது, இப்ப விட்டுட்டேன், ரொம்ப வலிக்கலைன்னு மூணும் அதுக்குள்ள வந்துரும். எப்பம் பொய்யின்னு கேளு. ஒரே நாள்ல நாலு தடவை சொன்னான்னா விடலைன்னு அர்த்தம். நீ காப்பி குடிக்கையிலயே ரெண்டு தடவை சொல்லிட்ட.

இன்னொண்ணு, எதைக் கடைசியில வைக்கங்கிறது. ‘சப்புன்னு ஆயிட்டு, ஆனா அப்பாடான்னும் இருக்கு’ன்னா கேக்கவன் காதுல அப்பாடாதான் நிக்கும். மாத்திப் போட்டா, ‘அப்பாடான்னு இருக்கு, ஆனாலும் சப்புன்னு ஆயிட்டு’ன்னா, ஐயோ பாவம்னு வந்துருவான். நம்ம பேச்சுல பாரம் வால்ல இருக்கு. அதனால இப்ப மனசுல எது தங்கியிருக்கோ, அதைப் பின்னால போடு.

‘அப்பாடாதான் தங்கியிருக்கு, ஆனா அந்தப் பதவிப் பேரை நெனச்சா மட்டும் இலேசா...’ன்னு இழுக்கியா? பாத்தியா, இப்பத்தான் உண்மை வருது! வேலையும் வேண்டாம், ஊரும் வேண்டாம், பேருக்குப் பின்னால அந்த ரெண்டு எழுத்து மட்டும் வேணும். அப்ப இப்படி எழுது: ‘பதவிப் பேரு வராததுல சப்புன்னு ஆயிட்டு. ஊரை விட்டுப் போகவேண்டாம்ங்கிறதுல அப்பாடான்னு இருக்கு.’ எதுக்கு எதுன்னு பிரிச்சாச்சுல்லா, இனி ரெண்டும் ஒண்ணையொண்ணு இடிக்காது.

கூட்டாளிக்கு இதை அப்படியே அனுப்பு. ஆபீஸருக்கு முதல் வரி மட்டும் போதும். ரெண்டாவதையும் போட்டேன்னா, அடுத்த பட்டியல்ல உன் பேரு இருக்காது. ஆச்சிகிட்ட ரெண்டாவது வரியை மூச்சு விட்டிராத. பேரன் ஊரோடதான் இருக்கப் போறான்னு தெரிஞ்சா, சாயங்காலமே தரகரை வரச் சொல்லிருவா.