இருபத்தைந்து கிலோ துணி போன இடம்

லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கிய புதிதில், என் பெயருக்குக் கீழே ‘வரித்துறைத் தொலைநோக்காளர், வளர்ச்சி ஆர்வலர், வாழ்நாள் மாணவர்’ என்று போட்டிருந்தேன். நான் திருப்பூரில் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து பிழைப்பவன். அது ஒன்றுதான் அதில் இல்லை.

ஆறு மாதம் நாள் தவறாமல் எழுதினேன். மகளுக்குப் பால்பல் விழுந்ததிலிருந்து தொழில்முனைவோர் கற்க வேண்டிய ஐந்து பாடங்களைக்கூட விடவில்லை. பத்துப் பதினொரு லைக் விழும்; அதில் ஒன்று தவறாமல் மச்சானுடையது. வேலை கேட்டு வந்தவர்கள் உண்டு, வேலை கொடுக்க ஒருவரும் வரவில்லை. “ஏனுங்க, ஊருக்கே பாடம் எடுக்கறீங்களே, கரண்ட் பில் கட்டியாச்சுங்களா?” என்றாள் மனைவி.

ஒருநாள் இரவு, பழைய வாடிக்கையாளரான பனியன் கம்பெனியின் அக்கவுண்டன்ட் கூப்பிட்டார். “சார், சாயத்துக்கு 500 கிலோ துணி அனுப்புனோம். 475தானுங்க வந்துச்சு. மிச்சத்தை ஐடிசி-04ல எங்கீங்க காட்டறது?”

சாயப்பட்டறைக்குத் துணி போகும்போது வரி கிடையாது, டெலிவரி சலானில் அனுப்பலாம். ஆனால் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். போனதையும் வந்ததையும் சொல்லும் படிவம்தான் ஐடிசி-04. சாயத்தில் குறையும் எடைக்கு அதிலேயே ‘இழப்பு, கழிவு’ என்று தனிக் கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் விட்டால், காகிதத்தில் அந்த 25 கிலோ இன்னும் பட்டறையிலேயே உட்கார்ந்திருக்கும்.

கிலோ 400 ரூபாய் என்றால் 10,000 ரூபாய்த் துணி. 5 சதவீத வரி 500 ரூபாய். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். வருடத்துக்கு இப்படி 40 லாட் போனால் 20,000. அனுப்பிய நாளிலிருந்து 18 சதவீத வட்டி தனி.

இதை அவருக்குச் சொல்லி முடித்த சூட்டோடு லிங்க்ட்இன்னிலும் எழுதினேன். முதல் வரியே அவருடைய கேள்விதான். செல்போனில் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும். மற்றதை ஆள் தட்டித்தான் திறக்க வேண்டும். அதுவரை அந்த வரிகளை ‘அனைவருக்கும் இனிய காலை வணக்கம்’ சொல்லியே தீர்த்திருக்கிறேன்.

நான்கே லைக். மச்சான்கூடக் கைவிட்டுவிட்டான். ஆனால் மூன்றாம் நாள் தனிச்செய்தியில் இரண்டு கம்பெனிகள் வந்து நின்றன. அப்போதுதான் புரிந்தது: கணக்கில் துணி இடிக்கிறவன் அதை ஊரறிய லைக் போடுவானா? ஓசைப்படாமல் படிப்பான், ஓசைப்படாமல் வருவான்.

தொலைநோக்காளரைத் தூக்கிவிட்டு, ‘பின்னலாடைக் கம்பெனிகளுக்கு ஜாப்வொர்க் ஜிஎஸ்டி கணக்கு, திருப்பூர்’ என்று மாற்றினேன். எழுதுவதும் அது ஒன்றுதான். நேரமும் முக்கியம். 5 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ளவர்களுக்கு ஐடிசி-04 கெடு அக்டோபர் 25, ஏப்ரல் 25. மற்றவர்களுக்கு ஏப்ரல் மட்டும். அந்த மாதங்களின் முதல் வாரத்தில் எழுதினால் கேள்வி வரும். மே மாதம் எழுதினால் தீபாவளிக்கு மறுநாள் பட்டாசுக் கடை.

நடுவில் ஒருமுறை சபலம் தட்டி பட்ஜெட் பற்றி எழுதினேன். லைக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. விசாரித்து வந்தவர்கள் இரண்டே பேர்: ஒருவர் இன்சூரன்ஸ் முகவர், இன்னொருவர் அவிநாசி பக்கம் சைட் விற்பவர்.

“எல்லா வித்தையும் சொல்லிட்டா எவன் காசு கொடுப்பான்?” என்று பக்கத்து ஆபீஸ் அண்ணன் கேட்டார். எந்தக் கட்டத்தில் போடுவது என்பதைத்தான் நான் இனாமாகச் சொல்கிறேன். வருடம் முழுக்க வந்த சலான்களை மூட்டையிலிருந்து எடுத்து, எந்த லாட்டில் எத்தனை கிலோ குறைந்தது என்று பார்ப்பது யார்? பாதிப் பேர் படித்துவிட்டு, “நீங்களே வந்து பண்ணிருங்க” என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு குறை உண்டு. கம்பெனி முதலாளிகள் பலர் லிங்க்ட்இன் பக்கமே வருவதில்லை. அவர்களுடைய அக்கவுண்டன்ட் படித்து, படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன அக்டோபரில் தெரிந்த முதலாளி ஒருவர் எனக்கே அப்படி ஒரு படம் அனுப்பினார். தலைப்பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. கீழே ஒரு வரி: “தம்பி, விவரமான ஆளா இருக்காரு. இதை எழுதுனவரு நம்பர் கிடைக்குமா?”

அன்றிலிருந்து எழுதும் ஒவ்வொரு குறிப்பின் கடைசி வரியிலும் என் பெயரைப் போடுகிறேன்.