ஐயா, மூன்றாவது கூற்று எங்கே?

மதிப்பிற்குரிய பயிற்சி மையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

குரூப் 4 மாதிரித் தேர்வை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டு, வினாவை ஒரு படத்திலும் விடைகளை வேறொரு படத்திலும் தந்து, பொது அறிவோடு துப்பறியும் அறிவையும் வளர்த்துவரும் தங்களுக்கு நன்றி.

47ஆம் வினாவைப் பற்றி மட்டும் ஒரு விண்ணப்பம். முதல் படத்தில் அடிப்படை உரிமைகள் பற்றி இரண்டு கூற்றுகள். ஒன்று, பிரிவு 17 தீண்டாமையை ஒழிக்கிறது. இரண்டு, பிரிவு 24 பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைத் தொழிற்சாலை வேலையில் அமர்த்தத் தடை விதிக்கிறது. அடுத்து வந்த படத்தில் (A) வைகை (B) பாலாறு (C) தாமிரபரணி (D) நொய்யல். தீண்டாமையை ஒழித்தது வைகையாக இருக்காது என்கிற அளவுக்கு எனக்கும் படிப்பு உண்டு. ஆனாலும் (E) விடை தெரியவில்லை என்பது இந்த வினாவுக்கும் பொருந்தியது. எந்த வினாவோடும் ஒட்டுகிற ஒரே விடை அதுதானே!

இப்படி உடனே சிரிப்பு வருகிற தவறான ஜோடியால் ஆபத்தில்லை. கச்சிதமாகப் பொருந்துகிற ஜோடிதான் ஆளைக் கவிழ்க்கிறது. குழுவில் மேலே தள்ளித் தேடியதில் இன்னொரு விடைப்படம் கிடைத்தது: (A) 1, 2 மட்டும் (B) 2 மட்டும் (C) 3 மட்டும் (D) 1, 3 மட்டும். இரண்டு கூற்றும் சரி, ஆகவே (A) என்று குறித்தேன். உங்கள் விடைக்குறிப்பில் (C). அரை மணி நேரம் அரசியலமைப்புப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிய பிறகே உறைத்தது: விடைகளில் 3 இருக்கிறது, நான் படித்த வினாவில் 2தான் இருக்கிறது. நடுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது!

அந்தத் துண்டு 52ஆம் வினாவுக்குக் கீழே ஒதுங்கிக் கிடந்தது. "3. சொத்துரிமை ஓர் அடிப்படை உரிமை. இவற்றுள் தவறான கூற்று எது?" சொத்துரிமையை 1978இல் 44ஆவது திருத்தம் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, ஆகவே (C). விடை சரிதான் ஐயா. ஆனால் கேட்டது சரியானதையா தவறானதையா என்பதே அந்தத் துண்டில்தான் இருந்தது. அது கண்ணில் படும்வரை நான் கேட்காத கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் முதல் படத்தின் கடைசி வரி அடுத்த படத்தின் முதல் வரியாகவும் வரும்படி எடுங்கள். வரி இரண்டிலும் இருந்தால் இடையில் எதுவும் விழவில்லை என்று தெரியும். விடைப்பகுதிக்கு மேலே 47 என்று ஓர் எண்ணும் எழுதிவிட்டால் வைகை தன் வழியில் போகும்.

இப்படிக்கு,
குழுவின் கடைசி வரிசை மாணவன்

பி.கு.: இந்த மாதக் கட்டணத்தைச் செலுத்திவிட்டேன். தொகை ஒரு ஸ்கிரீன்ஷாட்டிலும் பரிவர்த்தனை எண் இன்னொன்றிலும் இருக்கின்றன. நடுவில் சில காலை வணக்கப் படங்களும் இருக்கும். சரியாக இணைத்துப் பார்த்துக்கொள்ளவும்.